பத்து நிமிடம் முடிந்த பிறகு வரும் காசு

*"மட்டக்களப்பு–கொழும்பு இரவு பஸ்ஸுக்கு ஆசனப் பதிவுத் தளம் செய்கிறோம். தெரிவு செய்த ஆசனத்தை 10 நிமிடம் பிடித்து வைப்போம். ஆள் காசு கட்டும் பக்கத்தில் நிற்கும்போதே அந்த நேரம் முடிந்தால் சரியாக நடக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? ஒவ்வொரு தடவையும் 10 நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை." – கல்லடி வாசகர்*

காத்திருக்கவே வேண்டாம். சர்வர் கோடில் இப்போதைய நேரத்தை எடுக்கும் இடங்களை எல்லாம் ஒரே ஃபங்ஷன் வழியாக மாற்றிவிடுங்கள். சோதனையின்போது அந்த ஃபங்ஷன் நீங்கள் கொடுக்கும் நேரத்தைச் சொல்லட்டும். திரையில் ஓடும் கடிகாரம் பயணிக்குக் காட்ட மட்டும்தான், அதை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள்.

அப்புறம் இந்தச் சம்பவத்தை அப்படியே ஓட்டுங்கள். 8:00:00க்குச் செங்கலடிப் பயணி 14ஆம் ஆசனத்தைப் பிடிக்கிறார், அவருடைய எண் A1. ஓடிபி வரத் தாமதம். 8:10:05க்குக் காத்தான்குடிப் பயணி அதே ஆசனத்தை B2 என்ற எண்ணில் எடுக்கிறார். 8:10:12க்கு முதலாமவரின் காசு வந்துவிட்டதாக பேமென்ட் கேட்வே சொல்கிறது. ஆசனத்தை விற்கும் வரி இப்படி இருக்கட்டும்:

```sql
UPDATE seats SET status='SOLD'
WHERE trip_id=7 AND seat_no=14
  AND hold_id='A1' AND status='HELD';
```

இதில் நேரமே இல்லை, கவனித்தீர்களா? நேரம் முடிந்தால் அடுத்தவர் எடுக்கலாம், அவ்வளவுதான். `hold_until <= :now` என்ற நிபந்தனை, பிடிபட்டிருக்கும் ஆசனத்தை இன்னொருவர் எடுக்கும் வரியில்தான் இருக்க வேண்டும். இங்கே `hold_id` ஏற்கெனவே B2 ஆகிவிட்டதால் அட்டவணையில் ஒரு பதிவும் மாறாது. சோதனை பார்க்க வேண்டியது மூன்று: ஆசனம் B2வின் பெயரிலேயே இருக்கிறதா, A1இன் காசைத் திருப்பும் கோரிக்கை போனதா, அவருக்கு டிக்கெட் போகாமல் இருந்ததா.

பிறகு B2 வராத நிலையை ஓட்டுங்கள். 8:10:12க்குக் காசு வந்தால் A1க்கே ஆசனம் கிடைக்க வேண்டும். காலியாக இருக்கும் ஆசனத்தை மறுத்து, கட்டிய காசைத் திருப்புவது யாருக்கும் நல்லதல்ல என்பது என் கருத்து. காலாவதியான பிடிகளை அழிக்கும் வேலை ஏதாவது பின்னணியில் ஓடினால் இந்தச் சோதனை விழும். அந்த வேலையை எடுத்துவிடுங்கள்.

பலர் விடும் ஓட்டை இன்னொன்று. கேட்வே ஒரே செய்தியை இரண்டு தடவை அனுப்பலாம். முதல் தடவை ஆசனம் `SOLD` ஆகிவிடும். இரண்டாம் தடவை மேலே உள்ள கட்டளை எந்தப் பதிவையும் மாற்றாது, உங்கள் கோடோ "ஆசனம் போய்விட்டது" என்று நினைத்துக் காசைத் திருப்பிவிடும். பயணி டிக்கெட்டும் வைத்திருப்பார், காசும் வைத்திருப்பார். நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் மாதக் கணக்குப் பார்க்கும்போதுதான் இது பிடிபட்டது. ஆகவே கட்டண எண்ணை முதலில் தேடுங்கள், அது ஏற்கெனவே பதிவாகியிருந்தால் எதையும் தொடாமல் சரி என்று பதில் சொல்லுங்கள். சோதனையில் அதே செய்தியை இரண்டு முறை அனுப்பி, திருப்பிய காசு பூச்சியமா என்று பாருங்கள்.