ரெண்டு வட்டிக்கு 72 எடுபடுமா?

பாபநாசம், தபால் சேமிப்பு முகவர்: சார், கிசான் விகாஸ் பத்திரத்துல 7.5 சதவீதத்துக்கு 115 மாசத்துல பணம் இரட்டிப்புன்னு போட்டிருக்கு. 72-ஐ 7.5-ஆல வகுத்து 12-ஆல பெருக்கினா 115.2 வருது. தபால் துறையும் 72 வச்சுத்தான் போட்டாங்களா?

இல்லைங்க. 72-ஐ வட்டி சதவீதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் வருஷம் வரும் என்பது ஒரு தோராய வாய்க்கணக்குதான். 2023 ஏப்ரலில் அந்த வட்டி வந்தபோது நானும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஒரு ரூபாய் வருஷக் கடைசியில் 1.075 ஆகிறது. அந்த ஒரு ரூபாயை எத்தனை தடவை 1.075-ஆல் பெருக்கினால் 2 வரும் என்பதுதான் கேள்வி. 2-இன் மடக்கை 0.3010. 1.075-இன் மடக்கை 0.0314. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 9.586. கால்குலேட்டரில் கூடுதல் இலக்கம் வைத்துப் போட்டால் 9.584 வருஷம், அதாவது 115.01 மாதம். 115 என்று அச்சடித்தது இந்தக் கணக்குக்குத்தான் பொருந்துகிறது.

72 அதற்கு ஆறு நாள் பக்கத்தில் வந்து நின்றது என்றால், உங்கள் வட்டி விகிதம் நல்ல இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். 7.85 சதவீதம் அருகே 72-ம் மடக்கையும் ஒரே விடையைச் சொல்லும். 6 முதல் 10 சதவீதம் வரை ஒன்றரை மாதத்துக்கு மேல் பிசகாது. உங்கள் வாடிக்கையாளர்களுக்கு வாய்க்கணக்காகச் சொல்ல 72 தாராளமாகப் போதும்.

மன்னார்குடி, பிளஸ் டூ மாணவி: எங்க கணக்கு சார் 2-ஓட இயல் மடக்கை 0.693-ன்னு சொன்னார். அப்போ 69.3 தானே சரி? 72 தப்பு தானே?

உங்கள் சார் சொன்ன எண் சரி. அது எந்த வட்டிக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு நொடியும் வட்டி அசலில் சேர்ந்துகொண்டே இருந்தால் 69.3 துல்லியம். வருஷ வட்டி அப்படிச் சேர்வதில்லை. சித்திரையில் போட்ட பணத்துக்கு வருஷம் பூராவும் வட்டி ஏறினாலும், அது அசலோடு சேர்ந்து குட்டி போட ஆரம்பிப்பது அடுத்த சித்திரையில்தான். அந்தக் காத்திருப்பால் இரட்டிப்பு கொஞ்சம் தள்ளிப்போகிறது. வட்டி அதிகமானால் காத்திருப்பின் நஷ்டமும் அதிகம். அதனால் 69.3-ஓடு வட்டி விகிதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும்.

8 சதவீதத்துக்குக் கூட்டிப் பாருங்கள், 72 வந்து நிற்கும். 2 சதவீதத்துக்கு 70 வரும், இரட்டிப்பு 35 வருஷம். மடக்கையும் 35 என்றே சொல்கிறது. 72-ஐ மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் 36 என்று ஒரு வருஷம் கூட்டிச் சொல்லியிருப்போம். 24 சதவீதத்துக்கு 77.3 வரும், இரட்டிப்பு 3.22 வருஷம். மடக்கையிலும் அதேதான். 72 அங்கே 3 வருஷம் என்று இரண்டரை மாதத்துக்கு மேல் குறைத்துச் சொல்லும்.

நான் மனதில் வைத்திருப்பது இதுதான்: 8 சதவீதத்துக்கு 72, அதிலிருந்து மூன்று சதவீதம் ஏறினால் 73, மூன்று இறங்கினால் 71. அப்புறம், 72-க்கு இன்னொரு சௌகரியம் உண்டு. 2, 3, 4, 6, 8, 9, 12 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். 69.3-ஐ மனதுக்குள் 9-ஆல் வகுத்துப் பாருங்கள், தெரியும்.

கும்பகோணம், ஓய்வு பெற்றவர்: வங்கியில 7 சதவீதத்துக்கு ஒரு லட்சம் போட்டேன். 72 கணக்குப்படி 10 வருஷம் மூணரை மாசம் ஆகணும். ரசீதுல 10 வருஷத்துலயே ரெண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல போட்டிருக்கே, பிழையா?

பிழை இல்லை ஐயா. வங்கி வைப்பில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி அசலில் சேர்கிறது. தவணைக்கு 1.75 சதவீதம், பத்து வருஷத்தில் 40 தவணை. 1.0175-ஐ 40 தடவை பெருக்கினால் 2.0016. உங்கள் ரசீதில் 2,00,160 ரூபாயை ஒட்டி ஒரு தொகை இருக்க வேண்டும். மன்னார்குடிப் பெண்ணுக்குச் சொன்ன காத்திருப்பு இங்கே வருஷத்திலிருந்து மூன்று மாதமாகச் சுருங்கிவிட்டது, அதனால் 72 கீழே இறங்கி 70-க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. வங்கி வைப்புக்கு 70, தபால் பத்திரத்துக்கு 72 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மயிலாடுதுறை, இல்லத்தரசி: நான் மாசம் 2,000 ரூபாய் ஆர்.டி. கட்டுறேன். 72-ஐ வகுத்தா எப்போ இரட்டிப்பாகும்னு தெரியுமா?

ஆர்.டி.க்கு இது பொருந்தாதும்மா. 72 என்பது ஒரே நாளில் மொத்தமாகப் போட்டுவிட்டுத் தொடாமல் வைக்கும் பணத்துக்கு. உங்கள் முதல் தவணைக்கு முழுக் காலமும் வட்டி கிடைக்கும், கடைசித் தவணைக்கு ஒரு மாத வட்டிதான். ஒவ்வொரு 2,000-க்கும் தனித்தனி வயது. அவற்றை ஒரே எண்ணால் வகுக்க முடியாது.

திருத்துறைப்பூண்டி, விவசாயி: சம்பா நடவுக்கு ரெண்டு வட்டிக்கு வாங்கியிருக்கேன். 72-ஐ ரெண்டால வகுத்தா 36. கடன் இரட்டிக்க 36 வருஷம் ஆகும்னா பயமில்லைதானே?

அண்ணே, இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ரெண்டு வட்டி என்பது நூறு ரூபாய்க்கு மாதம் ரெண்டு ரூபாய். மாத வட்டியால் வகுத்தால் விடையும் மாதத்தில்தான் வரும். உங்கள் 36 என்பது 36 மாதம், மூன்றே வருஷம்.

அதுவும் வட்டி மாதாமாதம் அசலில் சேர்ந்தால்தான். அப்படிச் சேர்ந்தால் மடக்கைக் கணக்கில் சரியாக 35 மாதம். ஆனால் நம் பக்கத்தில் ஊர்க்கடன் பெரும்பாலும் தனிவட்டி. நூறு ரூபாய்க்கு மாதம் ரெண்டு ரூபாய் மட்டும் ஏறினால், இன்னொரு நூறு சேர 50 மாதம். தனிவட்டிக்கு 72-ம் வேண்டாம், மடக்கையும் வேண்டாம். 100-ஐ வகுத்தாலே போதும்.

எந்தக் கணக்கு என்பதைத் தீர்மானிப்பது புரோநோட்டை மாற்றி எழுதும் நாள். எங்கள் வீட்டில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்பா ஒரு ஆடியில் 5,000 ரூபாய்க்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்தார், ரெவின்யூ ஸ்டாம்புக்கு மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட்டு. அடுத்த ஆடிக்குள் வட்டி கட்ட முடியவில்லை. கடன் கொடுத்தவர் பழைய நோட்டைக் கிழித்துவிட்டு 6,200-க்குப் புது நோட்டு வாங்கிக்கொண்டார். அதற்கடுத்த வருஷம் 7,688. மூன்றாவது வருஷம் 9,533. ஒவ்வொரு தடவையும் "வட்டி அதே ரெண்டுதான்" என்றே சொன்னார், அது பொய்யும் இல்லை. நோட்டை மாற்றாமலே விட்டிருந்தால் மூன்று வருஷத்தில் மொத்தம் 8,600 ஆகியிருக்கும். 933 ரூபாய் கூடுதலாக வந்தது, வட்டியை அசலாக எழுதிய முதல் இரண்டு மாற்று நோட்டின் கையெழுத்தால்.

தையில் அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் பணம் வந்ததும் முதலில் அந்த வருஷ வட்டியை மட்டுமாவது கட்டி, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அசல் அப்படியே நிற்கும், குட்டி போடாது.

தஞ்சாவூர், பொறியாளர் (என் பழைய மாணவர்): சார், மடக்கை அட்டவணை கையில இருக்கும்போது தோராயமான 72 எதுக்கு? மடக்கைன்னா எப்பவுமே துல்லியம்தானே?

மடக்கை துல்லியம்தான் தம்பி. அட்டவணை நான்கு இலக்கத்தோடு நின்றுவிடுகிறதே! 1 சதவீதத்துக்குப் போட்டுப் பார். 1.01-க்கு அட்டவணை 0.0043 என்று காட்டும். 0.3010-ஐ அதால் வகுத்தால் 70.0 வருஷம். உண்மை 69.66. வட்டியை அரை சதவீதமாக்கினால் இன்னும் மோசம். 1.005-க்கு நான்கு இலக்கத்தில் 0.0022, விடை 136.8. உண்மை 138.98. இரண்டு வருஷத்துக்கு மேல் தவறு. நான் சொன்ன 69.3 கூட்டல் மூன்றில் ஒரு பங்கு வழியில் 69.5-ஐ 0.5-ஆல் வகுத்தால் 139 வருகிறது. மனக்கணக்கு அட்டவணையை ஜெயித்துவிட்டது. ஒன்றை ஒட்டிய எண்ணின் மடக்கையில் பூச்சியங்கள் போக மிஞ்சுவது இரண்டு இலக்கம்தான், அதனால் வரும் வினை இது.

வரலாறும் இதே வரிசைதான். இத்தாலியில் லூக்கா பசியோலி 1494-இலேயே 72-ஐ அச்சில் எழுதிவிட்டார், காரணம் சொல்லாமல். நேப்பியர் மடக்கையை வெளியிட்டது 1614-இல்.

அதே பொறியாளர்: ஏழு இலக்க அட்டவணை வச்சுப் போட்டா?

அப்போது அட்டவணைதான் ஜெயிக்கும், அதில் தகராறு இல்லை.

திருவாரூர், டிராக்டர் வைத்திருப்பவர்: பாதியாகிறதுக்கும் 72 தானே? வண்டி மதிப்பு வருஷம் 15 சதவீதம் குறையுதுன்னு ஆடிட்டர் எழுதுறார். 72-ஐ 15-ஆல வகுத்தா 4.8 வருஷத்துல பாதி.

பாதி வழி சரியாக வந்திருக்கிறீர்கள். குறைவதற்கு 69.3-இலிருந்து அந்தச் சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும், கூட்டக் கூடாது. 64.3-ஐ 15-ஆல் வகுத்தால் 4.29. மடக்கை 4.27. ஆறு லட்சம் வண்டியை வருஷா வருஷம் எழுதிப் பாருங்கள்: 5,10,000, 4,33,500, 3,68,475, நான்காம் வருஷக் கடைசியில் 3,13,204. ஐந்தாம் வருஷம் தொடங்கி மூன்று மாதம் சொச்சத்திலேயே மூன்று லட்சத்துக்குக் கீழே போய்விடும்.

இது ஆடிட்டர் ஏட்டில் உள்ள மதிப்பு. சந்தையில் வண்டி என்ன விலைக்குப் போகும் என்பதற்கு இந்தக் கணக்கு பதில் சொல்லாது. உழவு சீசனில் ஒரு விலை, தண்ணீர் வராத வருஷத்தில் ஒரு விலை.

திருத்துறைப்பூண்டி, மறுபடியும்: எங்க ஊர்ல நோட்டை வருஷா வருஷம் மாத்த மாட்டாங்க. மூணு வருஷம் முடியறதுக்குள்ள ஒரு தடவைதான். அப்போ 50 மாசமா, 35 மாசமா?

இரண்டும் இல்லை அண்ணே. வரவு வைக்காத நோட்டு மூன்று வருஷத்தில் காலாவதியாகும், அதனால்தான் அவர்கள் அந்தக் கெடுவுக்குள் மாற்றுகிறார்கள். மாற்றுவது சரியாக 36-ஆம் மாதம் என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய்க்கு 36 மாத வட்டி 72, புது நோட்டு 172. இனி மாத வட்டி 2 ரூபாய் இல்லை, 3 ரூபாய் 44 பைசா. 200-க்கு இன்னும் 28 ரூபாய் வேண்டும், அதற்கு எட்டு மாதம் சொச்சம். ஆக 44 மாதம். இந்த மாதிரி எப்போதோ ஒரு தடவை சேரும் வட்டிக்குக் குறுக்கு வழி எதுவும் இல்லை, இப்படிப் படிப்படியாகத்தான் போட வேண்டும். நீங்கள் எந்த மாதம் நோட்டு எழுதினீர்கள், இதுவரை வரவு ஏதாவது உண்டா என்று சொன்னால் உங்கள் தொகைக்கே போட்டுத் தருகிறேன்.