எந்த இடத்தில் நிற்கிறது?

அன்புள்ள அண்ணா,

கோயமுத்தூரில் ஒரு ஃபவுண்டரியில் தரக்கட்டுப்பாட்டில் நான்கு வருடம் இருந்தேன். ஆட்குறைப்பில் வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. 130 இடங்களுக்கு ரெஸ்யூம் அனுப்பினேன். ஏழு இண்டர்வியூ வந்தது. எல்லா இடத்திலும் "சொல்லி அனுப்பறமுங்க" என்றார்கள், அதோடு சரி. இப்போது லேப்டாப்பைத் திறக்கவே மனம் வருவதில்லை. வாரம் 20 விண்ணப்பம் என்று இலக்கு வைத்தேன், ஆறோடு நின்றுவிட்டது. வேறு எப்படி வைப்பது?

கோபியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

இருபது என்பது பெரிய இலக்கு. புதன்கிழமை ஆறில் நின்றால், வேலை கிடைக்காத வருத்தத்தோடு இலக்கிலும் தோற்ற வருத்தம் சேர்ந்துகொள்கிறது. என் அக்கா மகனும் உங்கள் தொழில்தான். போன வருடம் அவனும் இப்படித்தான் சோர்ந்து கிடந்தான். அவனோடு உட்கார்ந்து செய்ததைச் சொல்கிறேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். எந்தக் கம்பெனி, எந்த வழியில் போனது, எதுவரை வந்தது, இவ்வளவுதான் எழுத வேண்டும். அதுவரை ஆறு வாரத்தில் நௌக்ரி வழியாக 54 விண்ணப்பம் போட்டிருந்தான். வந்த அழைப்பு மூன்று. வாரத்துக்கு ஐந்து ஆன்லைன் விண்ணப்பம், தெரிந்தவர் மூலம் மூன்று, நேரில் ஒரு கம்பெனி கேட்டில் ரெஸ்யூம் கொடுப்பது என்று மாற்றினோம். மூன்றுமே அவன் கையில் இருப்பவை என்பது முக்கியம். "இந்த வாரம் ஒரு இண்டர்வியூ" என்று இலக்கு வைத்தால் அது ஹெச்.ஆர். கையில் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை.

நான்கு வாரம் கழித்து எண்ணினோம். ஆன்லைனில் போன 20-க்கு ஒரு அழைப்பு. தெரிந்தவர் மூலம் போன 12-க்கு நான்கு. கேட்டில் கொடுத்த நான்கில் ஒன்று. குறிச்சி, கணபதி, அரசூர்ப் பக்கத்துச் சின்னப் பட்டறைகள் பல ஆன்லைனில் விளம்பரமே போடுவதில்லை. சூப்பர்வைசரிடம் "ஆள் யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். பழைய கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள், டூல் ரூம்காரர்கள், கேஜ் காலிபரேஷனுக்கு வருபவர்கள், இவர்களுக்குத்தான் எங்கே இடம் காலி என்று முதலில் தெரியும். நான் பம்ப் கம்பெனியில் ஆள் எடுத்த காலத்திலும் இதே கதைதான். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஆள் மாறியதும், முதலில் பக்கத்து மேஜைக்காரரைத்தான் கேட்போம்.

அழைப்பு கூடியது, வேலை வரவில்லை. அப்போதுதான் நோட்டின் கடைசிப் பத்தி உதவியது. ஒவ்வொரு இண்டர்வியூ முடிந்ததும், பஸ் ஏறுமுன் டீக்கடையில் உட்கார்ந்து தடுமாறிய கேள்வியை எழுத வைத்தேன். வீட்டுக்கு வந்து எழுதினால் நினைவைக் கசப்பு மூடிவிடும். ஐந்தில் மூன்று இடத்தில் ஒரே கேள்வி: டிராயிங்கை நீட்டி, "எந்த அளவை முதலில் பார்ப்பீங்க?" அவனுக்கு வேலை தெரியும், வாயில் வரவில்லை. "முதலில் டேட்டம் எது என்று பார்ப்பேன், அப்புறம் டாலரன்ஸ் இறுக்கமான அளவுகள், அதற்கு வெர்னியர் போதுமா சி.எம்.எம். வேண்டுமா என்று முடிவு செய்வேன்." இந்த வரிசையில் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. உடனே வார இலக்கில் ஆன்லைனை மூன்றாகக் குறைத்து, இரண்டு டிராயிங்கைப் பழைய நண்பனிடம் வாய்விட்டு விளக்குவது என்று சேர்த்தோம். அதற்குப் பிறகு இரண்டாவது இண்டர்வியூவிலேயே பெருந்துறைப் பக்கம் ஒரு கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள்.

உங்களுக்கு ஏழு அழைப்பு வந்திருக்கிறது. ஆகவே ரெஸ்யூமைத் திரும்பத் திரும்ப அழகுபடுத்துவதில் நேரத்தைப் போடாதீர்கள். ஏழும் எந்த வழியில் வந்தவை, முதல் சுற்றில் நின்றதா, சம்பளம் பேசும்போது நின்றதா என்று நினைவிலிருந்தாவது எழுதுங்கள்.

ஞாயிறு அரை மணி நேரம் நோட்டைப் பார்த்தால் போதும், ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரெஸ்யூமையும் வழியையும் சம்பளத்தையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒரு வாரக் கணக்கை நம்பவும் வேண்டாம். ஐந்தில் பூஜ்யம் வருவது சகஜம், நான்கு வாரமாவது ஓடட்டும். மெயிலை ராத்திரியில் பார்க்காதீர்கள். காலை பதினொரு மணிக்கு ஒருமுறை போதும். பத்து நாளாகியும் பதில் இல்லாத இடத்துக்கு ஒரு போன், அப்புறம் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

இந்த நோட்டு எல்லாவற்றையும் சரி செய்யாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக்கிய பிறகு, திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை தேடியவர்கள் என்ன மாற்றியும் அழைப்பு வராமல் இருந்திருக்கலாம். மூன்று வழியிலும் நான்கு வாரம் ஒன்றுமே வராவிட்டால், குறை உங்களிடம் இல்லை, ஆர்டரில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பக்கத்துத் தொழிலுக்கு விண்ணப்பியுங்கள். ஃபவுண்டரிக்காரர் வால்வு, பம்ப், ஆட்டோ பாகம் செய்யும் இடங்களுக்கும் பொருந்துவார்.

இந்த வாரம் புது விண்ணப்பம் எதுவும் வேண்டாம். அந்த ஏழையும் எழுதி எனக்கு அனுப்புங்கள், பார்ப்போம்.