மசாலாப் பாக்கெட்டின் பின்பக்கத்தில் என்ன எழுதுவது? கேள்வி பதில்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து: நானும் என் மனைவியும் மூன்று விவசாயிகளிடம் மஞ்சள் வாங்கி அரைத்து விற்கிறோம். இருவருடைய நிலத்துக்கும் எங்கள் அரைவைக் கூடத்துக்கும் இயற்கை வேளாண்மைச் சான்று உண்டு. மூன்றாமவர் இப்போதுதான் மாறிக்கொண்டிருக்கிறார். எழுதி வைத்திருப்பது இது: “தலைமுறை தலைமுறையாக எங்கள் குடும்பம் காத்து வரும் பாரம்பரியச் சுவை. இயற்கையின் மடியில் விளைந்த நூறு சதவீதத் தூய மஞ்சள். பாட்டியின் கைப்பக்குவம், அன்போடு உங்கள் இல்லம் தேடி வருகிறது.” சரியாக இருக்கிறதா?

இந்த மூன்று வாக்கியங்களில் உங்களுடையது என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. இதே எழுத்தை மிளகாய்த் தூள் பாக்கெட்டிலோ கடலை மிட்டாய்ப் பாக்கெட்டிலோ அச்சிட்டாலும் பொருந்தும். அதனால்தான் படித்தவர் மனத்தில் நிற்பதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், இவற்றுள் சில உண்மையல்ல என்பது. நீங்கள் வாங்கி விற்கிறீர்கள், தலைமுறையாகக் காத்து வரவில்லை. மூன்றாமவருடைய மஞ்சளும் கலந்திருந்தால் “நூறு சதவீதம்” பொய்யாகிவிடும். மஞ்சள் போன்ற ஓராண்டுப் பயிருக்கு மாறுதல் காலம் இரண்டு ஆண்டு, அது முடியும்வரை அந்த விளைச்சலைச் சான்று பெற்றதோடு சேர்க்க முடியாது. “தூய”, “பாரம்பரிய” போன்ற சொற்களுக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகளில் நிபந்தனைகள் உள்ளன என்பதை மறக்க வேண்டாம்.

உங்களிடம் எழுதத்தக்க செய்தி நிறைய இருக்கிறது. மஞ்சள் வாங்கும்போது என்ன செய்து பார்ப்பீர்கள் என்று கேட்டேன். உலர்ந்த விரலி மஞ்சளை ஒடித்துப் பார்ப்போம், கணீரென்ற ஓசையோடு ஒடியாவிட்டால் ஈரம் இருக்கிறது, திருப்பி அனுப்பிவிடுவோம் என்றீர்கள். வேகவைப்பவர் ஈர்க்குச்சியால் கிழங்கைக் குத்திப் பதம் பார்ப்பார் என்றும், பதம் தப்பி அதிகம் வெந்தால் நிறம் கெட்டுவிடும் என்றும் சொன்னீர்கள். இவற்றை ஏன் எழுதவில்லை? வாங்குபவர் நம்புவது பெருமைச் சொற்களை அல்ல, வேலை தெரிந்தவர் மட்டுமே சொல்லக்கூடிய விவரத்தை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“சத்தியமங்கலம் பக்கத்தில் மூன்று விவசாயிகளிடம் விரலி மஞ்சள் வாங்கி அரைக்கிறோம். இருவருடைய நிலம் இயற்கை வேளாண்மைச் சான்று பெற்றது. இந்தப் பாக்கெட்டில் இருப்பது அவர்களுடைய மஞ்சள் மட்டுமே. மூன்றாமவருடைய நிலம் இன்னும் மாறுதல் காலத்தில் இருப்பதால் அவருடையதைத் தனியே அரைத்து, அதைச் சொல்லியே விற்கிறோம். ஐந்து கிலோ பச்சை மஞ்சளை வேகவைத்து உலர்த்தினால் ஏறத்தாழ ஒரு கிலோ கிடைக்கும். ஒடித்தால் கணீரென்று ஒடியும் விரலியைத்தான் வாங்குகிறோம். நிறத்துக்காக எதையும் சேர்ப்பதில்லை. அதனால் சென்ற பருவத்து நிறமும் இந்தப் பருவத்து நிறமும் சற்று வேறுபடும்.”

இதில் உணர்ச்சியைத் தூண்டும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மூன்றாமவரைப் பற்றிய வாக்கியத்தைப் படிப்பவர், மற்ற வாக்கியங்களையும் நம்பத் தொடங்குவார். தமக்கு வசதியில்லாத ஓர் உண்மையைத் தாமாகவே சொல்லும் வணிகர் அரிது. கடைசி வாக்கியத்துக்கு வேறு பயனும் உண்டு. போன தடவை போல மஞ்சளாக இல்லையே, கலப்படமா என்று கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகள் குறையும்.

சேலத்திலிருந்து: ஆண்டு விற்பனை பன்னிரண்டு லட்சத்துக்குக் கீழே இருந்தால் சான்று எதுவும் தேவையில்லை, ஆர்கானிக் என்று தாராளமாக எழுதலாம் என்று சொல்கிறார்களே. பிறகு ஏன் இத்தனை கவலை?

நீங்கள் கேட்டது பாதி சரி. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு இயற்கை உணவு விதிமுறைகளில் ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் அது தாமே விளைவித்து, தாமாகவோ தம் உற்பத்தியாளர் அமைப்பு வழியாகவோ நுகர்வோரிடம் நேரே விற்பவருக்கானது. சந்தையிலோ விவசாயியிடமோ வாங்கி, அரைத்து, தம் பெயரில் பொட்டலமிட்டு விற்பவருக்கு அந்த விலக்கு வராது. விலக்கில் இருப்பவரும் இயற்கை உணவுக்கான ஜைவிக் பாரத் முத்திரையை அச்சிட முடியாது. விவசாயியிடம் சான்று இருப்பதால் அது தானாக உங்கள் பாக்கெட்டுக்கு வந்துவிடாது என்பதையும் கவனியுங்கள். அரைக்கும் இடமும் பொட்டலமிடும் இடமும் அந்தச் சான்றுக்குள் அடங்க வேண்டும்.

மதுரையிலிருந்து: மஞ்சள் புற்றுநோயைத் தடுக்கும் என்று ஒரு வரி சேர்க்கலாமா?

கூடாது. உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று எழுதுவது சட்டப்படி தவறு. நோயுற்ற ஒருவர் அதை நம்பி மருத்துவரிடம் போகாமலிருந்தால் அது அதைவிடப் பெரிய தவறு.

இராமநாதபுரத்திலிருந்து: நாங்கள் பெண்கள் குழுவாக முண்டு மிளகாய் விற்கிறோம். மானாவாரி நிலம், எங்களிடம் சான்று இல்லை. பூச்சிமருந்து குறைவாகத்தான் அடிக்கிறோம். எங்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறதா?

நிச்சயமாக இருக்கிறது, ஆனால் “ஆர்கானிக்” என்ற சொல் இல்லாமல் அதைச் சொல்ல வேண்டும். “குறைவாக” என்பதும் போதாது, படிப்பவருக்கு அது எதையும் தெரிவிப்பதில்லை. எந்த மருந்தை, எப்போது, எத்தனை முறை அடிக்கிறீர்கள், கடைசியாக அடித்ததற்கும் பழம் பறித்ததற்கும் இடையே எத்தனை நாள் என்பதைக் குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். எல்லோருடைய விடையும் ஒத்துப்போனால் அதையே பாக்கெட்டில் எழுதலாம். ஒத்துப்போகாவிட்டால் மருந்தைப் பற்றி எதுவும் எழுதாமல் விடுங்கள்.

மழையை நம்பி விதைப்பது, களத்தில் காயப்போடுவது, உருண்டையான காய்ந்த மிளகாயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே விதை சலசலப்பது ஆகியவை உங்களுக்கே உரியவை. குலுக்கிப் பாருங்கள் என்று பாக்கெட்டில் எழுதினால், வாங்கியவர் வீட்டில் அதைச் செய்து பார்ப்பார். இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் குறியீட்டை அச்சிட வேண்டுமானால் அதன்கீழ் பயன்படுத்துநராகப் பதிவு செய்துகொண்டு அச்சிடுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: பாட்டி என்று எழுதினால் விற்பனை கூடுகிறது, இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எல்லோரும்தான் எழுதுகிறார்கள். அதில் யாருக்கு என்ன நட்டம்?

உங்கள் பாட்டி சாம்பார்ப் பொடிக்கு மல்லியும் மிளகாயும் என்ன அளவில் போட்டார், நீங்கள் அதில் எதை மாற்றினீர்கள் என்று சொல்ல முடிந்தால் எழுதுங்கள். “பாட்டி ஒரு பங்கு மிளகாய்க்கு இரண்டு பங்கு மல்லி போடுவார், நாங்கள் மூன்று பங்கு போடுகிறோம், ஏனென்றால் எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக் காரம் ஆகவில்லை” என்பதை எவரும் நம்புவர். அளவு தெரியாத பாட்டியை எழுத வேண்டாம். இயந்திரத்தில் அரைப்பதை “வீட்டுத் தயாரிப்பு” என்று எழுதுவதும் தவறான எண்ணத்தைத் தரும். முன்பு சொன்ன 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் இதையும் தடுக்கின்றன.

நாமக்கல்லிலிருந்து: கொல்லிமலை மிளகு விற்கிறேன். விவசாயியின் பெயரையும் படத்தையும் பாக்கெட்டில் போடலாமா?

அவர் எழுத்தில் ஒப்புதல் தந்தால் போடலாம், போடுவது நல்லது என்பது என் எண்ணம். சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் கொடியிலிருந்து இன்னார் பறித்தது என்று பெயரோடு சொல்வதைவிட உறுதியான வாக்கியம் கிடைக்காது.

போடியிலிருந்து, இதற்கு மறுப்பாக: நான் ஏலக்காய் விற்கிறேன். தோட்டக்காரர் பெயரைப் போட்டேன். அடுத்த பருவத்தில் பெரிய வியாபாரி ஒருவர் நேரே அவரிடம் போய் அதிக விலைக்கு மொத்தத்தையும் எடுத்துவிட்டார். உங்கள் அறிவுரை சிறு வணிகனை அழிக்கும்.

உங்கள் இழப்பு உண்மையானது. ஆனாலும் அந்தத் தோட்டக்காரருக்கு அதிக விலை கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். பெயரை மறைத்தால்தான் அவர் நம்மிடம் விற்பார் என்ற நிலை இருந்தால், நாம் தரும் விலையை முதலில் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

மீண்டும் போடியிலிருந்து: விலை கூடுதலாகத் தர எனக்கும் ஆசைதான். பணத்தை முன்கூட்டியே கொடுத்து, மழை பொய்த்த ஆண்டிலும் வாங்கியவன் நான். அந்தப் பெரிய வியாபாரி விலை இறங்கும் ஆண்டில் திரும்பியும் பார்க்க மாட்டார். இதையெல்லாம் பாக்கெட்டின் பின்பக்கத்துச் சில வரிகளில் அடக்க முடியுமா?

முடியும், அடக்கவும் வேண்டும். முன்பணம் கொடுத்து மழை பொய்த்த ஆண்டிலும் வாங்கினோம் என்பது, நீங்கள் இதுவரை பாக்கெட்டில் எழுதிய எதையும்விட வலுவான செய்தி. அதைச் சொல்ல அவர் பெயர்கூடத் தேவையில்லை, ஊர்ப்பெயர் போதும்.

தாளவாடியிலிருந்து ஒரு விவசாயி: நீங்கள் இருவரும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், எனவே நானும் சொல்கிறேன். ஒரு நிறுவனம் என்னைக் கேட்காமல் என் படத்தைப் பாக்கெட்டில் போட்டது. அந்த ஆண்டு அவர்கள் என்னிடம் ஒரு மூட்டைகூட வாங்கவில்லை. பாக்கெட்டில் இருந்த மஞ்சள் யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது கெட்டுப்போயிருந்தால் கெட்ட பெயர் எனக்குத்தானே, ஐயா?

இதைப் படித்தபின் என் பதிலைத் திருத்துகிறேன். பெயரைப் போடுபவர், அதனருகே அறுவடை ஆண்டையும் போட வேண்டும்; அந்த ஆண்டின் மஞ்சள் தீர்ந்ததும் பெயரை எடுத்துவிட வேண்டும். ஒப்புதல் ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக வாங்கப்பட வேண்டும். வணிகருக்கு வரும் போட்டியைப் பற்றி போடி நண்பர் எழுப்பிய கேள்விக்கு முழு விடை என்னிடம் இல்லை; சிறு வணிகர்கள் சிலர் ஊரோடு நிறுத்திக்கொள்வதை நான் குறைசொல்ல மாட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து: மிளகு சளியைப் போக்கும் என்றாவது எழுதலாமா?

மதுரைக்காரருக்குச் சொன்னதே உங்களுக்கும்.

கரூரிலிருந்து: மசாலாத் தொழில் தொடங்க உரிமம் எப்படி வாங்குவது, கடன் கிடைக்குமா?

இங்கே பேசுவது எழுத்தைப் பற்றி. உரிமத்துக்கு உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தையும், கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தையும் அணுகுங்கள்.

திருச்சியிலிருந்து: எங்கள் மல்லித் தூளுக்கு நெஞ்சைத் தொடும் ஒரு வரி எழுதித் தாருங்கள்.

மல்லி எந்த ஊரிலிருந்து வருகிறது, யார் வறுக்கிறார், வறுபட்டதை எப்படி அறிகிறார் என்று எதுவும் சொல்லாமல் கேட்கிறீர்கள். இதே கேள்வி இன்று பலமுறை வந்துவிட்டது. அந்த விவரங்களை அனுப்புங்கள். வரி அதற்குள்ளிருந்துதான் வர வேண்டும்.

ஈரோட்டிலிருந்து: பருவத்துக்குப் பருவம் மாற்றி எழுதச் சொல்கிறீர்கள். அச்சிட்ட பையை ஆயிரக்கணக்கில் வாங்கி வைத்திருக்கிறோம், என்ன செய்வது?

அடுத்த முறை பையில் மாறாதவற்றை மட்டும் அச்சிடுங்கள்: நிறுவனப் பெயர், முகவரி, உரிம எண், சேர்மானம். கதையைத் தனி ஸ்டிக்கராக, அந்தப் பருவத்துக்குத் தேவையான அளவு மட்டும் அடியுங்கள். கையிருப்பில் உள்ள பைகளில் பொய்யாகிவிட்ட வரி இருந்தால், அதன்மேல் அந்த ஸ்டிக்கரை ஒட்டி மறைத்துவிட்டு விற்கலாம். உங்கள் ஊரில் மஞ்சள் அறுவடை தை, மாசியில் நடக்கிறது. வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி வாங்கி முடிக்கும் வாரத்திலேயே புதிய ஸ்டிக்கருக்கான வாக்கியங்களையும் எழுதிவிடுங்கள், அப்போதுதான் விவரங்கள் மறக்காமல் இருக்கும்.