பயிற்சி இடம் உறுதியான பிறகு மின்னஞ்சலை எங்கே நிறுத்துவது?

வணக்கம் அம்மா.

உங்கள் மகனுக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கும் இடையில் போன மின்னஞ்சல்களை நீங்கள் அனுப்பியபடியே முழுவதும் படித்துவிட்டேன். "கடைசியாக அவன் போட்ட இரண்டுக்கும் பதிலே இல்லை, இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டார்களோ" என்று கேட்டிருந்தீர்கள். இடம் எங்கேயும் போகவில்லை. அந்த எச்.ஆர். புவான் பதில் போடாததற்குக் காரணம், அவரைப் பொறுத்தவரை விஷயம் போன வாரமே முடிந்துவிட்டது. தம்பிதான் அது முடிந்ததைக் கவனிக்காமல் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். நடுவில் ஒரு முக்கியமான கேள்வியும் தொலைந்துபோயிருக்கிறது. அதை இப்போதே சரிசெய்துவிடலாம்.

நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். முதலில் நிறுவனம் சலுகைக் கடிதத்தை அனுப்பியது. கூடவே ஓர் ஏற்புப் படிவம். கையெழுத்திட்டு போன வியாழக்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், பயிற்சி வரும் திங்கட்கிழமை காலை 8.30-க்குத் தொடங்கும், மைகார்டு நகலும் வங்கிக் கணக்கு விவரமும் கொண்டு வர வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. தம்பி உடனே "மிக்க நன்றி புவான், வாய்ப்புக்கு நன்றி" என்று பதில் போட்டார். படிவத்தை இணைக்கவில்லை. இது நான் மாணவர்களிடம் அடிக்கடி பார்க்கும் விஷயம். நன்றி சொன்னதும் ஏற்றுக்கொண்டதாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். நிறுவனத்தின் கணக்கில் கையெழுத்துப் போட்ட படிவம் கைக்கு வந்தால்தான் ஏற்பு. நல்லவேளை, புவானே புதன்கிழமை நினைவூட்டினார், தம்பியும் அன்றே படிவத்தை அனுப்பிவிட்டார். அன்று மாலை அவரிடமிருந்து வந்த பதில்: "படிவம் கிடைத்தது, நன்றி. திங்கட்கிழமை சந்திப்போம்."

விஷயம் அங்கே முடிந்தது. அவர் கேட்டது அவர் கைக்குப் போய்விட்டது, கிடைத்தது என்று அவரே எழுதிவிட்டார், அடுத்து சந்திக்கும் நாளையும் சொல்லிவிட்டார். யாரும் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. ஒரு மின்னஞ்சல் தொடர் முடிந்ததா இல்லையா என்று பார்க்க நான் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் வழி இதுதான்: கடைசியாக வந்ததைப் படித்துவிட்டு, இப்போது யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் யாரும் காத்திருக்கவில்லை என்றால் எழுத ஒன்றுமில்லை. "பிறகு தெரிவிக்கிறோம்", "மேலாளர் ஒப்புதலுக்குப் போயிருக்கிறது" என்று இருந்தால் அது முடியவில்லை, பந்து அவர்கள் பக்கம் இருக்கிறது. தேதியோ நேரமோ எழுத்தில் வராமல் வெறும் "ஓகே" மட்டும் வந்திருந்தாலும் முடியவில்லை, அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

தம்பிக்கு வந்தது இப்படி எதுவுமில்லை. ஆனாலும் அவர் "நன்றி புவான்" என்றார். புவான் "சாமா-சாமா" என்றார். தம்பி அதற்கும் ஒரு நீண்ட நன்றி எழுதினார், தன்னால் முடிந்த அளவு உழைப்பதாக ஒரு பத்தி. அந்தப் பத்தியின் கடைசி வரியில்தான், சேஃப்டி ஷூ தானே வாங்கி வர வேண்டுமா, நிறுவனம் கொடுக்குமா என்று கேட்டிருக்கிறார். பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து, "புவான், என் மின்னஞ்சல் கிடைத்ததா?" என்று இன்னொன்று. அதற்கும் பதில் இல்லை.

புவானின் நிலையிலிருந்து பாருங்கள். பயிற்சி மாணவர்களை எடுக்கும் மாதத்தில் அந்த மேசைக்கு இதே மாதிரி படிவங்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரு தொடரில் "சாமா-சாமா" வரை போய்விட்டால், அதற்குப் பிறகு வருவது இன்னொரு நன்றியாகத்தான் இருக்கும் என்று முதல் வரியைப் பார்த்ததுமே தெரிந்துவிடும், கீழே இறங்கிப் படிக்க மாட்டார்கள். தம்பியின் முதல் வரியும் நன்றிதானே. அப்புறம் வந்த "கிடைத்ததா" என்பதிலும் என்ன கிடைத்ததா என்று இல்லை. படிவம் கிடைத்ததாக அவர் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. ஆகவே பதில் வராததில் கோபமும் இல்லை, அலட்சியமும் இல்லை. கேள்வி அவர் கண்ணில் படவே இல்லை.

பெரியவர்கள் ஒன்று சொன்னால் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று நாம் வீட்டில் சொல்லித்தான் பிள்ளைகளை வளர்க்கிறோம். அதனால்தான் கடைசி வார்த்தை புவானுடையதாக இருந்தால் மரியாதைக் குறைவோ என்று தம்பிக்குத் தோன்றுகிறது. அலுவலகத்தில் அப்படியில்லை. கடைசி வார்த்தை மேலே இருப்பவருடையதாக இருக்கலாம், அப்படி இருப்பதுதான் வழக்கமும். அவர் "சந்திப்போம்" என்று முடித்த இடத்தில் நிறுத்துவதும் மரியாதைதான்.

தம்பி இதை எப்படி ஒரே மின்னஞ்சலில் அழகாக முடித்திருக்கலாம் என்று காட்டுகிறேன். படிவத்தை அனுப்பும்போதே எல்லாவற்றையும் சேர்த்து எழுதியிருக்கலாம். ஆங்கிலமோ மலாயோ, மொழி எதுவானாலும் உள்ளே இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

"புவான், கையெழுத்திட்ட ஏற்புப் படிவத்தை இத்துடன் இணைத்துள்ளேன். திங்கட்கிழமை காலை 8.30-க்கு மைகார்டு நகல், வங்கிக் கணக்கு விவரம் இரண்டுடனும் வருகிறேன். சேஃப்டி ஷூ நான் வாங்கி வர வேண்டுமா என்பதை மட்டும் தெரிவிக்கவும். வேறு ஆவணம் எதுவும் தேவைப்படாவிட்டால் அன்று காலை நேரில் சந்திக்கிறேன். வாய்ப்புக்கு நன்றி."

இதில் நாளும் நேரமும் மறுபடி எழுதியிருப்பது காரணமாகத்தான். தம்பி தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் புவான் அப்போதே திருத்துவார், சரியாக இருந்தால் அதைப் பற்றி எழுத அவருக்கு ஒன்றுமில்லை. நன்றி ஒரே தடவை வருகிறது, அதுவும் கடைசியில். முதலில் வைத்தால் முழுக் கடிதமும் நன்றிக் கடிதமாகவே படிக்கப்படும், கேள்வி அடியில் போய்விடும். "வேறு ஆவணம் தேவைப்படாவிட்டால் நேரில் சந்திக்கிறேன்" என்ற வரிதான் கதவை மெதுவாகச் சாத்துகிறது. சிலர் "இதற்குப் பதில் தேவையில்லை" என்று எழுதச் சொல்லித்தருவார்கள். சம நிலையில் இருக்கும் இருவருக்குள் அது சரி. பயிற்சிக்கு வரும் மாணவன் எச்.ஆர். அதிகாரிக்கு அப்படி எழுதினால் உத்தரவு போடுவது மாதிரி இருக்கும். என் மாணவர்களை நான் அப்படி எழுத விடுவதில்லை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பழைய தொடரில் இனி எதுவும் எழுத வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். புதிய மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து, தலைப்பிலேயே "சேஃப்டி ஷூ - திங்கட்கிழமை தொடங்கும் பயிற்சி மாணவர்" என்று போட்டு, தன் முழுப் பெயரையும் சேர்க்கட்டும். உள்ளே இரண்டு வரி போதும்: ஷூ நிறுவனம் தருமா, நான் வாங்கி வர வேண்டுமா? முன்பு நிறைய மின்னஞ்சல் போட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம். கேட்டால் "பரவாயில்லை" என்று அவர் எழுத வேண்டிவரும், அதற்குத் தம்பி நன்றி சொல்வார், மறுபடி அதே சுற்று. இந்த வியாழக்கிழமை மதியம் வரை பதில் வராவிட்டால் கடிதத்தில் இருக்கும் அலுவலக எண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாம், அதில் தப்பில்லை. தயவுசெய்து நீங்கள் போன் செய்யாதீர்கள் அம்மா. உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே வேலை செய்யப் போகிறவர் அவர், குரல் அவருடையதாக இருக்கட்டும்.

புவானின் பதிலைப் பொறுத்து ஒரு வரியோ, ஒன்றுமே இல்லையோ போதும். "நாங்களே தருவோம், உங்கள் அளவு என்ன?" என்று கேட்டால், "அளவு 8, நன்றி புவான்" என்று எழுதலாம். அவருக்குத் தேவையான தகவல் அதில் இருக்கிறது. "வாங்கி வாருங்கள்" என்று சொன்னால், "சரி புவான், வாங்கி வருகிறேன்" என்று ஒன்று. இங்கே எல்லோரும் போடும் "நோட்டட் வித் தேங்க்ஸ்" போட்டாலும் சரிதான். அதற்கு மேல் அவர் என்ன அனுப்பினாலும், அதில் கேள்வி இல்லாவிட்டால், படித்துவிட்டு விட்டுவிடலாம். ஜிமெயிலில் முகக்குறி அழுத்தும் வசதி இருக்கிறதே என்று தம்பி கேட்பார். நண்பர்களுக்குள் பரவாயில்லை. நிறுவனத்தின் மின்னஞ்சல் செயலி அதை ஏற்காவிட்டால் அந்தக் குறியே தனி மின்னஞ்சலாக அவர் பெட்டியில் போய் விழும். அது வேண்டாம்.

இன்னொன்றும் கவனித்தேன். முதல் கடிதத்தில் போலிடெக்னிக் விரிவுரையாளரையும் சேர்த்து அனுப்பியிருந்ததால், தம்பி ஒவ்வொரு தடவையும் `Reply all` அழுத்தியிருக்கிறார். அந்த நன்றிகள் எல்லாம் விரிவுரையாளருக்கும் போயிருக்கின்றன. அவருக்குத் தேவையானது ஒன்றே ஒன்று: படிவம் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்ற செய்தி. அது ஏற்கெனவே போய்விட்டது. ஷூ விவகாரத்தில் அவரைச் சேர்க்க வேண்டாம். அவரும் பதில் போடவில்லை என்று நீங்கள் வருந்தியிருந்தீர்கள். தம்பி அனுப்பியது வெள்ளிக்கிழமை. அவருடைய போலிடெக்னிக் கெடாவில் இருக்கிறது, அங்கே அரசு அலுவலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கில் நாம் வேலை செய்யும் வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை நாள்.

மனதார நன்றி சொல்ல வேண்டும் என்று தம்பி நினைப்பது நல்ல குணம், அதை அடக்கச் சொல்லவில்லை. பயிற்சி முடியும் வாரத்தில் புவானுக்கும் தன் மேற்பார்வையாளருக்கும் தனித்தனியாக ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். எந்த இயந்திரத்தில் எதைக் கற்றுக்கொண்டார், யார் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார் என்று பெயர் சொல்லி எழுதட்டும். இறுதி ஆண்டில் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது அவர்கள் நினைவில் இருப்பது அந்த ஒரு மின்னஞ்சலாகத்தான் இருக்கும்.

பழைய தொடரை அழித்துவிடாமல் ஜிமெயிலில் `Archive` செய்து வைக்கச் சொல்லுங்கள். பெட்டியிலிருந்து மறையும், ஆனால் நேரமோ இடமோ மாறி அதே தொடரில் புவான் எழுதினால் மறுபடி மேலே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை இரவு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தூங்கட்டும்.