வெள்ளத்தில் நின்ற கார்: கிளெய்ம் மெயில் எழுதுவது எப்படி? கேள்வி பதில்

நான் வாகனச் சேதங்களை மதிப்பிடும் சர்வேயர். மழைக்காலத்தில் வரும் கிளெய்ம் மெயில்களைப் படிப்பதும் என் வேலையில் ஒரு பங்கு. இங்கே காருக்குள் தண்ணீர் புகுந்த கிளெய்ம்களுக்கு மட்டும், கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

முடிச்சூர் வாசகர்: வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த கார் மூழ்கிவிட்டது. மெயிலில் என்ன எழுத வேண்டும்? எதிலிருந்து தொடங்குவது?

மெயிலுக்கு முன்னால் ஒன்று. தண்ணீர் வடிந்ததும் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பாதீர்கள். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மெயிலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் மெயில் தகவல் சொல்ல மட்டும். எல்லாக் காகிதமும் சேரட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் அதிக நாட்களை இழக்கிறார்கள். கிளெய்ம் எண் கொடுக்கவும் சர்வேயரை நியமிக்கவும் நிறுவனத்துக்குத் தேவைப்படுவது அரைப் பக்கம்தான். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் மழையில் முடிச்சூரில் நின்ற ஒரு காருக்கு அந்த மெயில் இப்படி இருந்திருக்க வேண்டும்:

> பொருள்: புதிய கிளெய்ம் – வெள்ளச் சேதம் – 04-12-2023 – பாலிசி எண் – வண்டிப் பதிவு எண்
>
> ஐயா, என் கார் 3-ஆம் தேதி இரவு 9 மணி முதல் பாலிசியில் உள்ள முகவரியில் வீட்டு வாசலில் நின்றிருந்தது. 4-ஆம் தேதி காலை 6 மணிக்குத் தண்ணீர் கதவின் அடிப்பகுதிக்கு வந்தது. 11 மணிக்கு முன் சீட்டின் உட்காரும் இடம் வரை ஏறியது. 5-ஆம் தேதி மாலை வடிந்தது. தண்ணீர் புகுந்த பிறகு இன்ஜின் ஸ்டார்ட் செய்யப்படவில்லை. பேட்டரி இணைப்பு கழற்றப்பட்டுள்ளது.
>
> முழுக் காப்பீட்டு பாலிசி. காலம்: … முதல் … வரை. ஆட்-ஆன்: ஜீரோ டெப், இன்ஜின் பாதுகாப்பு.
>
> கார் இப்போதும் அதே இடத்தில் உள்ளது. சர்வேயரை நியமித்து, எந்த ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துச் செல்வது என்று தெரிவிக்கவும். தொடர்பு எண்: …
>
> இணைப்பு: பாலிசி, ஆர்.சி., ஆறு படங்கள்.

அவ்வளவுதான். இதில் எனக்கு மிகவும் பயன்படுவது தண்ணீர் எதுவரை ஏறியது என்ற வரி. கார்ப்பெட் மட்டும் நனைந்திருந்தால் வேலை கழற்றிக் காயவைப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். சீட் வரை ஏறியிருந்தால், பல கார்களில் சீட்டுக்கு அடியில் இருக்கும் மின்னணுப் பெட்டிகளும் வயரிங்கும் போயிருக்கும். டாஷ்போர்டைத் தாண்டினால் முழு இழப்பா என்றே கணக்குப் பார்க்க வேண்டும். பழுதுச் செலவு பாலிசியில் எழுதியுள்ள காரின் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாக எடுப்பார்கள். அந்த ஒரு வரி இருந்தால் எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்துகொண்டே நான் கிளம்பி வர முடியும்.

"கடும் மழையால் என் கார் பெரிதும் பாதிக்கப்பட்டு மிகுந்த மன உளைச்சலில் உள்ளேன்" என்று தொடங்கும் மெயில்கள் நிறைய வருகின்றன. வருத்தம் புரிகிறது. ஆனால் தேதி, நேரம், நீர்மட்டம் மூன்றும் அதில் இருக்காது. அதைக் கேட்டு ஒரு மெயில் போகும், பதில் வரும், இரண்டு நாள் ஓடிவிடும்.

பள்ளிக்கரணை வாசகர்: படங்கள் எத்தனை? வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா?

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும், எடுத்த நேரம் முதலிய விவரங்களும் நீங்கிவிடும். போனிலிருந்து அசல் கோப்பை மெயிலில் சேருங்கள்.

ஆறு படம் போதும். நம்பர் பிளேட் தெரிய முன்புறம், பின்புறம், உள்ளே தரைப்பகுதி, டாஷ்போர்டு, பானெட்டைத் திறந்து இன்ஜின், அப்புறம் சேறு படிந்த கோடு தெரியும் கதவு. கழுவுவதற்கு முன் அந்தக் கோட்டை எடுத்துவிடுங்கள், அதன் பக்கத்தில் ஒரு அளவு டேப்பை வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. தண்ணீர் நிற்கும்போதே எடுத்த ஒரு படம் இருந்தால் அதையே முதலில் வையுங்கள். ஜிமெயிலில் ஒரு மெயிலுக்கு 25 எம்.பி. வரைதான் போகும். மீறினால் இரண்டு மெயிலாக அனுப்புங்கள். டிரைவ் லிங்க் வேண்டாம், அனுமதி இல்லாமல் திறக்காமல் நிற்கும் லிங்க்குகள் ஏராளம்.

சேலம் வாசகர்: அப்பாவின் மருத்துவமனை பில்லுக்கும் இதே மாதிரி எழுதலாமா?

அது என் துறை இல்லை. உங்கள் பாலிசியில் மருத்துவக் கிளெய்ம்களைக் கவனிக்கும் டி.பி.ஏ. நிறுவனத்தின் பெயர் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள்.

தாம்பரம் வாசகர்: ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டேன், இன்ஜின் சுற்றவில்லை. அதை மெயிலில் எழுதவே கூடாது என்று மெக்கானிக் சொல்கிறார். உண்மையா?

எழுதுங்கள். மெக்கானிக் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார், ஆனால் அவர் சொல்வதால் உங்களுக்குப் பெரிய நஷ்டம் வரும்.

இன்ஜின் சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் அமுங்கும், தண்ணீர் அமுங்காது. உள்ளே தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டும், கனெக்டிங் ராட் வளையும். சும்மா நின்று மூழ்கிய இன்ஜினில் ராட் வளையாது. பிரித்துப் பார்க்கும்போது வளைந்த ராட் கண் முன்னால் இருக்கும். "ஸ்டார்ட் செய்யவில்லை" என்று மெயிலில் எழுதிவிட்டு இது வெளிவந்தால், இன்ஜினோடு பிரச்சினை நிற்காது. தவறான தகவல் கொடுத்தீர்கள் என்று மொத்தக் கிளெய்மையும் நிராகரிக்க நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். "வடிந்த பிறகு ஒருமுறை ஸ்டார்ட் செய்ய முயன்றேன், சுற்றவில்லை, அதோடு நிறுத்திவிட்டேன்" என்று எழுதினால் தகராறு இன்ஜின் அளவில் இருக்கும். சீட், வயரிங், கார்ப்பெட் தனியாக நிற்கும்.

வேளச்சேரி வாசகர்: குறுக்கே வருகிறேன். எழுதினாலும் எழுதாவிட்டாலும் இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாவிட்டால் இன்ஜினுக்கு ஒரு ரூபாய்கூட வராது. எனக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

பாதி சரி. சாதாரண முழுக் காப்பீட்டு பாலிசியில் வெள்ளம் என்பது காப்பீடு பெற்ற ஆபத்துதான். விலக்கப்படுவது அதன் பின்விளைவாக வரும் சேதம். தண்ணீரோடு ஸ்டார்ட் செய்ததால் ராட் வளைந்தது என்றால் அதைப் பின்விளைவு என்பார்கள், அதற்குத்தான் ஆட்-ஆன் வேண்டும். நின்ற நிலையில் தண்ணீர் புகுந்த இன்ஜினைத் திறந்து சுத்தம் செய்வதும் ஆயில், ஃபில்டர் மாற்றுவதும் வேறு விஷயம், அதைக் கேட்டு வாங்கலாம். "இன்ஜினுக்கு வராது" என்று வாய்மொழியாகச் சொன்னதை ஏற்காதீர்கள். எந்த விதிப்படி எந்தப் பாகம் மறுக்கப்பட்டது என்று மெயிலில் பதில் கேளுங்கள்.

மடிப்பாக்கம் வாசகர்: நான் ஸ்டார்ட் செய்யவே இல்லை. சுரங்கப்பாதையில் போகும்போது தண்ணீரில் வண்டி தானாக நின்றது, ராட் வளைந்துவிட்டது. தண்ணீர் தெரிந்தும் ஓட்டியது என் கவனக்குறைவு என்கிறார்கள். இது விபத்து இல்லையா?

நீங்கள் கேட்பது நியாயம். ஓடும் இன்ஜின் தண்ணீரை உறிஞ்சி நின்றது திடீர் நிகழ்வு என்று நானும் என் அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். நிறுவனங்கள் எல்லாம் அதை ஒரே மாதிரி ஏற்பதில்லை. உங்கள் மெயிலில் இருக்க வேண்டியது: முன்னால் வண்டிகள் போய்க்கொண்டிருந்தனவா, தடுப்போ எச்சரிக்கைப் பலகையோ இருந்ததா, நின்ற பிறகு சாவியைத் தொட்டீர்களா, யார் இழுத்து வந்தார்கள். டோ வண்டி ரசீதின் நேரம் நல்ல சாட்சி.

வேளச்சேரி வாசகர்: அப்படியென்றால் பிரீமியத்தில் எதற்குத் தனி ஆட்-ஆன்? விபத்து என்று சொல்லி எல்லாரும் வாங்கிவிடலாமே?

எல்லாருக்கும் கிடைக்காது, அதனால்தான் ஆட்-ஆன். அவர் வாதாட இடம் இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னேன். இதில் நீங்களும் நானும் இங்கே ஒத்துப்போக மாட்டோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஆவடி வாசகர்: எஃப்.ஐ.ஆர். வேண்டுமா?

வெள்ளச் சேதத்துக்குப் பொதுவாக வேண்டாம். திருட்டு, பிறருக்குக் காயம் என்றால்தான்.

போரூர் வாசகர்: கார் மூழ்கியது. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் மெயில் அனுப்ப முடியுமா?

மேலே பாருங்கள்.

குரோம்பேட்டை வாசகர்: கிளெய்ம் எண் வந்துவிட்டது. இரண்டாவது மெயிலில் ஆவணங்களை எந்த வரிசையில் வைப்பது?

கிளெய்ம் எண் வந்த அதே மெயிலுக்குப் பதிலாகவே அனுப்புங்கள். புதிய மெயில் தொடங்கினால் வேறு ஒருவர் கைக்குப் போய், முதலிலிருந்து கேட்பார்கள். கோப்புகளுக்கு எண்ணோடு பெயர் வையுங்கள்:

```
01_ClaimForm_signed.pdf
02_Policy.pdf
03_RC.pdf
04_DL.pdf
05_Estimate.pdf
06_Photos.pdf
```

மெயிலில் இதே வரிசையில் ஒரு பட்டியல், கீழே "வேறு ஆவணம் தேவையெனில் ஒரே மெயிலில் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி. ஸ்கேன் 1, ஸ்கேன் 2 என்று பதினைந்து படங்களாக வருவதைத் திறந்து பார்க்கவே நேரம் போகிறது.

கிளெய்ம் ஃபார்மில் உள்ள தேதியும் நேரமும் முதல் மெயிலோடு ஒத்துப்போக வேண்டும். அங்கே காலை 6, இங்கே இரவு என்று இருந்தால் விளக்கம் கேட்டே தீருவார்கள். எஸ்டிமேட்டில் எந்தப் பாகத்தை மாற்றுவது, எதைச் சுத்தம் செய்வது என்று பிரித்துக் கேளுங்கள். சர்வே முடியும் முன் எந்தப் பாகத்தையும் பிரிக்கச் சொல்லாதீர்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒர்க்‌ஷாப் தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரப்பாக்கம் வாசகர்: மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை. ஐந்து நாள் கழித்து அனுப்புகிறேன். நிராகரிப்பார்களா?

தாமதக் காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். உண்மையான கிளெய்மைத் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

தாம்பரம் வாசகர் (மீண்டும்): மெயில் போய் நான்கு நாள். சர்வேயர் வரவில்லை. ஒர்க்‌ஷாப்காரர் பிரித்துவிடலாம் என்கிறார்.

பிரிக்க விடாதீர்கள், முன்பே சொன்னேன்.

2024-இல் ஆணையம் வெளியிட்ட விதிகளின்படி தகவல் வந்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், அறிக்கை 15 நாளில் வர வேண்டும், அறிக்கை கிடைத்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். அதே மெயிலுக்குப் பதிலாக, முதல் மெயிலின் தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு இதைக் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரியின் முகவரியை நகலில் சேருங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் ஆணையத்தின் பீமா பரோசா தளம் அல்லது 155255. புகார் கொடுத்து ஒரு மாதமாகியும் பதில் வராவிட்டால் சென்னை காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

அம்பத்தூர் வாசகர்: என்னிடம் இருப்பது தேர்ட் பார்ட்டி பாலிசி. மெயில் அனுப்பலாமா?

அதில் உங்கள் காரின் சேதத்துக்குக் காப்பீடு இல்லை.

பெருங்களத்தூர் வாசகர்: கார்ப்பெட் மட்டும்தான் நனைந்தது. கிளெய்ம் செய்தால் லாபமா?

முதலில் ஒர்க்‌ஷாப்பில் செலவு கேளுங்கள். 1500 சி.சி. வரையான காருக்கு முதல் 1000 ரூபாய் கட்டாயமாக உங்களுடையது. ஜீரோ டெப் இல்லையென்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியும் உங்கள் தலையில்தான். கிளெய்ம் செய்தால் அடுத்த ஆண்டு நோ கிளெய்ம் போனஸும் போகும். உங்களுக்கு இப்போது 50 சதவீதப் போனஸ் ஓடுகிறது என்றால், சில ஆயிரம் ரூபாய் வேலைக்கு மெயில் அனுப்ப வேண்டாம். கார்ப்பெட்டைக் கழற்றி அடியில் இருக்கும் ஃபோமையும் காயவையுங்கள். அதை விட்டுவிட்டால் தரைத் தகடு துருப்பிடிக்கும்.