சேமநிதியைக் கணக்கில் சேர்த்தீர்களா?

"வயது 38, பினாங்கு. 100-இல் வயதைக் கழித்தால் வருவதே பங்கு முதலீட்டின் அளவு என்ற விதிப்படி எனக்கு 62 விழுக்காடு வருகிறது. நிரந்தர வைப்பில் 40,000 ரிங்கிட், பங்கு நிதியில் 30,000, நகை 30,000, இபிஎஃப் 1,80,000. மாதம் 1,000 மிஞ்சுகிறது. எதில் போடுவது?"

மாதம் வரும் 1,000 ரிங்கிட்டைப் பங்கு நிதியிலேயே போடுங்கள். வைப்பை உடைக்காதீர்கள், தங்கம் புதிதாக வேண்டாம்.

குழப்பத்துக்குக் காரணம், இபிஎஃப்பை வேறு பணமாக நினைப்பதாக இருக்கலாம். அந்த நிதி பங்குகளிலும் முதலீடு செய்கிறது என்றாலும், உங்கள் இருப்பு சந்தையோடு சேர்ந்து இறங்குவதில்லை. ஆகவே அதை நிரந்தர வைப்போடு சேர்த்து, பங்கு அல்லாத பக்கம் எழுதுங்கள். நகையை விட்டுவிட்டால் மொத்தம் 2,50,000. அதில் பங்கு அல்லாத பக்கம் 2,20,000, அதாவது 88 விழுக்காடு. பங்கு வெறும் 12.

நகையை ஏன் விட்டேன்? விற்கும்போது செய்கூலி திரும்பாது. வீட்டில் அதை விற்க யார் விடுவார்கள்? தங்கம் வேண்டுமென்றால் பின்னாளில் நகையல்லாத தங்கமாக 5 முதல் 10 விழுக்காடு போதும்.

62 உங்களுக்குத் தாங்குமா என்று இப்படிப் பாருங்கள். 2,50,000-இல் 62 விழுக்காடு 1,55,000. கோலாலம்பூர் பங்குக் குறியீடு 2008-இல் ஒரே ஆண்டில் ஏறக்குறைய 40 விழுக்காடு சரிந்தது. அப்படி நடந்தால் 62,000 ரிங்கிட் காணாமல் போகும். அந்த மாதமும் 1,000 போடுவீர்களா? தயக்கம் இருந்தால் இலக்கை 40 என்று வையுங்கள்.

ஒன்று: இபிஎஃப்பின் பெரும்பகுதி 55 வயது வரை கைக்கு வராது. ஐந்தாண்டுக்குள் வீட்டு முன்பணம் தேவையென்றால், அந்தத் தொகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; அது வைப்பிலேயே இருக்கட்டும்.