412 ரூபாயில் 500 மட்டுமே தெரிகிறது, 4,000 வாங்கியும் விலை ஏறவில்லை

“கோத்தகிரியிலிருந்து கேட்கிறேன். 412 ரூபாயில் விற்க 500 பங்குதான் காட்டுது. 4,000 கைமாறியும் அதே 500 நிக்குது. திரை தப்பா?”

திரை சரிதான். பெரிய ஆர்டரின் வெளிக்காட்டும் பகுதி மட்டுமே உங்களுக்குத் தெரிகிறது. அது விற்றுத் தீர்ந்ததும் அடுத்த பகுதி வருகிறது.

என்எஸ்இ பங்குச் சந்தையில் ஆர்டரில் குறைந்தது 10% வெளியே தெரிய வேண்டும். 500 தெரிந்தால் அந்த ஒரே ஆர்டர் அதிகபட்சம் 5,000. ஆகவே 4,000 போன பின் 1,000க்கு மேல் மிச்சம் இருக்காது. ஆனால் தரகரின் ஐஸ்பெர்க் வசதி வேறு மாதிரி: ஆர்டரைத் துண்டாக்கி, ஒன்று முடிந்ததும் அடுத்ததைப் புது ஆர்டராக அனுப்பும். அங்கே இந்த 10% கணக்கு உதவாது.

சோதித்துப் பாருங்கள். 412க்கு நேரே உள்ள ஆர்டர் எண்ணிக்கையையும் மொத்த வால்யூமையும் குறித்துக்கொள்ளுங்கள். வால்யூம் 500 கூடியதும் அங்கே மறுபடி 500, ஆர்டர் 1 என்றே வந்து, இது நாலைந்து முறை நடந்தால் ஒரே கை என்று நான் எடுத்துக்கொள்வேன். அளவு 320, 75, 610 என்று மாறினால் பெரும்பாலும் வெவ்வேறு விற்பனையாளர்கள்.

ஒரு எச்சரிக்கை: நம் திரைக்கு ஒவ்வொரு வர்த்தகமும் வருவதில்லை, இடைவெளி விட்டு எடுத்த காட்சிகளே வருகின்றன. மழை நாளில் நம் மலையில் சிக்னல் விட்டு விட்டு வரும்போது இடையில் நடந்தது முழுக்கத் தவறிவிடும். அன்று இந்தக் கணக்கை நம்பி வாங்காதீர்கள்.